ஒரு பிளாக்கை உடைத்தால் உலகம் ஏன் ஒரு கணம் நிற்கிறது?

திரையின் ஓரத்தில் 60 என்று எண் காட்டுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வருகிறது, கணினியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் மைன்கிராஃப்ட் ஆடுகிற பிள்ளை “ஜெர்க் அடிக்குது” என்கிறது. பக்கத்தில் நின்று கவனித்தால் பிள்ளை சொல்வதுதான் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை காட்சி எதிலோ முட்டியதுபோல நிற்கிறது, பிறகு ஒரு தாவு தாவி முன்னே போய்விடுகிறது.

எண் பொய் சொல்லவில்லை. அது சராசரி, அவ்வளவுதான். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிசெகண்டில் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 885. கடைசி ஒன்று மட்டும் 115 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது. கூட்டினால் சரியாக 1000, அதாவது ஒரு நொடியில் 60 ஃபிரேம். ஆனால் கண்ணுக்கு அந்த 59 தெரியாது, 115 மட்டும்தான் தெரியும். சீராக ஓடவேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். தவறினால் மானிட்டர் காத்திருக்காது, பழைய படத்தையே மறுபடி காட்டும்.

கட்டம் கட்டமாக உலகத்தை அடுக்கும் வோக்சல் விளையாட்டுகளில் இந்த ஒற்றை நீண்ட ஃபிரேம் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது கிராஃபிக்ஸ் கார்டின் பலவீனம் அல்ல. படம் வரைவதற்கு முந்தைய வேலை ஒன்று தப்பான நேரத்தில் குறுக்கே வந்து விழுகிறது. அந்த வேலை என்ன, அதை எப்படித் தள்ளி வைக்கிறார்கள், தள்ளி வைத்தால் என்ன கெடுகிறது என்பதை மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பை வைத்தே பார்க்கலாம். இந்தச் சிக்கலின் எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்த விளையாட்டு அது.

உலகம் ஒன்று, படம் வேறு

மைன்கிராஃப்டின் நினைவகத்தில் உலகம் என்பது வெறும் எண்களின் அடுக்கு. இந்த இடத்தில் கல், அந்த இடத்தில் புல், அதற்கு மேலே காற்று, அவ்வளவே. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த மொழி புரியாது. அதற்குத் தெரிந்தது முக்கோணம் ஒன்றுதான். ஆகவே எண் அடுக்கைப் படித்து, எந்தெந்த முகம் வெளியே தெரியும் என்று கண்டுபிடித்து, முக்கோணங்களின் பட்டியலாக மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் மெஷ்.

முழு உலகத்துக்கும் ஒரே மெஷ் போட்டால் ஒரு பிளாக்கை உடைத்தாலும் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டிவரும். எனவே 16 பிளாக் நீளம், 16 பிளாக் அகலம் கொண்ட தூண்களாக உலகத்தை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு தூணும் ஒரு சங்க். 2021-இல் வந்த 1.18 பதிப்பிலிருந்து தூணின் உயரம் 384 பிளாக். அதையும் குறுக்கே 16 பிளாக் உயரத் துண்டுகளாக நறுக்கினால் தூணுக்கு 24 பகுதிகள். மெஷ் போடுவது இந்தப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஒரு பகுதியில் 16×16×16, ஆக 4096 பிளாக்குகள்.

ஒரு பகுதியைக் கற்பனை செய்வோம். கீழ்ப்பாதி முழுக்க மண், மேல்பாதி காற்று. நாலா பக்கமும் இதேபோன்ற சமவெளி. மண் பிளாக்குகள் 2048. ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம் என்று எல்லாவற்றையும் வரைந்தால் 12,288 முகங்கள். ஆனால் மண்ணுக்குள் மண்ணாக அடைபட்ட முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வெளியே தெரிவது மேல்தளத்தின் 256 முகங்கள் மட்டும். முகத்துக்கு இரண்டு முக்கோணம், மொத்தம் 512. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாடுபடுவது சி.பி.யூ. அந்த 256-ஐக் கண்டுபிடிக்க அது ஒவ்வொரு பிளாக்காகப் போய், இது காற்றா, இல்லையென்றால் ஆறு பக்கத்திலும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிறது. தெரிகிற முகம் கிடைத்த பிறகும் வேலை முடியாது. மூலைகளில் மெல்லிய நிழல் விழுகிறதே, அதற்காக முகத்தின் நான்கு மூலைக்கும் தலா மூன்று அண்டை பிளாக்குகளைப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தின் அளவையும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். குகைகளும் இலைகளும் நிறைந்த பகுதியில் தெரியும் முகங்கள் ஆயிரக்கணக்கில் போகும். அங்கே ஒரு பகுதியின் மெஷ் சில மில்லிசெகண்டுகளைத் தின்றுவிடலாம்.

இப்போது அந்தச் சமவெளியின் நடுவில் ஒரே ஒரு பிளாக்கை உடைக்கிறீர்கள். மேல்முகம் ஒன்று போகிறது. குழியின் நான்கு சுவரும் அடித்தளமும் புதிதாகத் தெரிகின்றன. 256 முகம் 260 ஆகிறது. மாறியது ஆறே முகம், ஆனால் 4096 பிளாக்குகளையும் மறுபடி எண்ணி மெஷ் முழுவதும் புதிதாகப் போடப்படுகிறது.

அந்த ஆறை மட்டும் திருத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். மெஷ் என்பது இடைவெளியின்றி அடுக்கிய பட்டியல். எந்த பிளாக்கின் முகம் பட்டியலில் எங்கே இருக்கிறது என்ற கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டால்தான் ஒட்டுப்போட முடியும். வெளிச்சம் வேறு நிலைமையைச் சிக்கலாக்குகிறது. ஒரு தீப்பந்தத்தை எடுத்தால் மாறுவது ஒரு பிளாக்தான். ஆனால் அதன் ஒளி 14 என்ற அளவில் தொடங்கி பிளாக்குக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே போகிறது, ஆகவே பக்கத்துப் பகுதிகளின் முகங்களிலும் நிறம் மாறிவிடும். இத்தனை கணக்கையும் சுமப்பதைவிடப் பகுதியை மொத்தமாகத் திரும்பப் போடுவது எளிது, பிழையும் குறைவு. இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. எனக்கும் அது சரியான முடிவாகவே படுகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. உடைத்த பிளாக் பகுதியின் விளிம்பில் இருந்தால் குழியின் ஒரு சுவர் பக்கத்துப் பகுதிக்குச் சொந்தமானது. அந்த முகத்தை அவர்கள் மெஷ்தான் வரைய வேண்டும், ஆகவே அதையும் புதிதாகப் போட வேண்டும். பிளாக் எல்லா விளிம்புகளும் கூடும் மூலையில் இருந்தால், மூலை நிழலையும் கணக்கில் எடுக்கும்போது எட்டுப் பகுதிகள் வரை பாதிக்கப்படும். ஒரு கோடரி வீச்சுக்கு எட்டு மெஷ்! பகுதிக்கு 3 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 24 ஆகிறது. 16.7-க்குள் முடிய வேண்டிய ஃபிரேம் அங்கேயே தவறிவிட்டது. இந்த விளிம்புச் சுவரை மறந்துவிடாதீர்கள், பின்னால் இது பெரிய சிக்கலைக் கொண்டுவரும்.

ஓடுகிறவனும் பறக்கிறவனும்

உடைப்பது சில்லறைச் செலவு. உண்மையான சுமை நகர்வதில் இருக்கிறது.

பார்வைத் தொலைவு 12 சங்க் என்று அமைத்திருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி எல்லாத் திசையிலும் 12, நடுவில் நீங்கள் நிற்பது ஒன்று. 25×25, மொத்தம் 625 தூண்கள். தூணுக்கு 24 பகுதி என்றால் 15,000. ஒரு சங்க்கின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் கால் வைத்ததும், பின்னால் 25 தூண்கள் கழன்றுபோய் முன்னால் 25 புதிதாக வந்து சேர்கின்றன. அவற்றில் 600 பகுதிகள். நல்லவேளையாக அவற்றில் பல வெறும் வானம், சில அடர்ந்த பாறை. இரண்டிலும் தெரியும் முகமே இல்லை. மெஷ் தேவைப்படுவது 150 என்றும், ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் என்றும் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 300 மில்லிசெகண்ட்.

இதை அப்படியே ஒரு ஃபிரேமில் செய்தால் காட்சி கிட்டத்தட்ட ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உறைந்துபோகும். மைன்கிராஃப்டில் ஓட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5.6 பிளாக். 16 பிளாக்கைக் கடக்க மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். முதலில் பார்த்த பிள்ளைக்குச் சில நொடிக்கு ஒருமுறை ஜெர்க் அடித்ததற்கு இதுவே கணக்கு. இடிக்கும் இடைவெளி சங்க்கின் அகலத்தோடு பொருந்திப்போனால் குற்றவாளி யார் என்று ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

முதல் வைத்தியம் வேலையைப் பல ஃபிரேம்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. புதுப்பிக்க வேண்டிய பகுதிகளை ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து முடிப்பார்கள். எவ்வளவு எடுப்பது? ஃபிரேமுக்கு இத்தனை பகுதி என்று எண்ணிக்கை வைக்கலாம். ஆப்டிஃபைன் என்ற புகழ்பெற்ற மோடில் “Chunk Updates” என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு ஃபிரேமில் எத்தனை பகுதி புதுப்பிப்பது என்பதை 1 முதல் 5 வரை அதில் தேர்ந்தெடுக்கலாம். எளிய வழிதான், ஆனால் எண்ணிக்கைக்குக் கனம் தெரியாது. சமவெளிப் பகுதி அரை மில்லிசெகண்டில் முடியும், காட்டுப் பகுதி நாலு மில்லிசெகண்ட் இழுக்கும். இரண்டும் ஒன்று என்றே எண்ணப்படும்.

எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வரம்பாக வைப்பது மேல். ஃபிரேமுக்கு 3 மில்லிசெகண்ட் மட்டும் மெஷ் வேலைக்கு என்று ஒதுக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள்:

```
start = now()
while queue is not empty and now() - start < 3 ms:
    section = queue.take_nearest()
    section.rebuild_mesh()
```

இந்த நாலு வரியிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பது ஒரு பகுதி முடிந்த பிறகுதான். 2.9-ஆவது மில்லிசெகண்டில் கனமான ஒன்றைக் கையில் எடுத்தால் அது 7-இல் போய் நிற்கும். ஆகவே ஒதுக்கீட்டை உண்மையில் மிஞ்சுகிற நேரத்துக்குச் சமமாக வைக்காமல் குறைத்தே வைக்க வேண்டும். பகுதியின் அளவை 16-இலிருந்து 32 ஆக்கினால் பிளாக்குகள் எட்டு மடங்காகி 32,768 ஆகும். வரைய வேண்டிய மெஷ்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒரு வேலையின் கனம் ஏறிவிடும், இந்த மீறலும் அதனுடன் சேர்ந்து ஏறும்.

வரிசையில் யாரை முதலில் எடுப்பது என்பதும் முக்கியம். வந்த வரிசையில் எடுத்தால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மலை முதலில் தயாராகும், காலடியில் இருக்கும் தரை கடைசியில் வரும். எனவே அருகில் இருப்பது முன்னால், அதிலும் கண் பார்க்கும் திசையில் இருப்பது முன்னால். ஒரே பகுதி இரண்டு முறை வரிசையில் ஏறக் கூடாது என்பதும் விதி. டி.என்.டி. வெடித்து ஒரு பகுதியில் நூறு பிளாக்குகள் காணாமல் போனால் நூறு முறை மெஷ் போடத் தேவையில்லை. அந்தப் பகுதியின்மேல் “அழுக்கு” என்று ஒரு குறி போட்டுவிட்டு, அதன் முறை வரும்போது ஒரே தடவை போட்டால் போதும். வோக்சல் விளையாட்டை முதன்முறையாக எழுதுகிறவர்களின் நிரல் வெடிகுண்டுக்கு உறைந்துபோனால் பெரும்பாலும் இந்தக் குறி இல்லாததுதான் காரணம்.

நம் கணக்குக்கு வருவோம். 300 மில்லிசெகண்ட் வேலை, ஃபிரேமுக்கு 3 வீதம் 100 ஃபிரேம், சுமார் 1.7 நொடி. ஓடுகிறவன் அடுத்த எல்லையைத் தொட மூன்று நொடிக்கு அருகில் ஆகும். அதற்குள் வரிசை காலியாகிவிடும். ஜெர்க் போயே போய்விட்டது.

ஆனால் அவன் எலிட்ரா இறக்கையை மாட்டி ராக்கெட்டைக் கொளுத்தினால்? வேகம் நொடிக்கு 30 பிளாக்கைத் தாண்டும். அரை நொடிக்கு ஒருமுறை 25 புதிய தூண்கள். 1.7 நொடிக்கான வேலை அரை நொடிக்கு ஒருமுறை வந்து சேர்கிறது. வரிசை குறையாது, வளர்ந்துகொண்டேதான் போகும். விரைவில் பறக்கிறவன் தன் உலகத்தின் விளிம்பையே எட்டிப்பிடித்து, இன்னும் வரையப்படாத வெறுமைக்குள் பாய்வான். ஒதுக்கீட்டை 3-இலிருந்து 10 ஆக்கலாம், ஆனால் அப்போது மற்ற வேலைக்கு இடமிராது, ஃபிரேம் மறுபடி தவறும். பங்கிட்டுச் செய்வதால் வேலை குறைவதில்லை, அது எப்போது நடக்கிறது என்பதுதான் மாறுகிறது. மொத்த வேலையே ஒருவரால் முடியாத அளவு என்றால் ஆளைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்கட்டுக்குப் போகும் வேலை

விளையாட்டின் முதன்மை திரெட் என்பது பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. அவர் நடுவில் தேங்காய் துருவ உள்ளே போனால் இலை போட்டவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்றைய கணினிகளில் நாலு, எட்டு கோர்கள் சும்மா இருக்கின்றன. மெஷ் போடுவதை அவற்றில் ஓடும் தனித் திரெட்களிடம் கொடுத்துவிட்டு, முதன்மை திரெட் முடிந்ததை வாங்கி வைத்தால் போதும். மைன்கிராஃப்ட் 2014-இல் வெளியான 1.8 பதிப்பில் இப்படித்தான் மாறியது. நம் 300 மில்லிசெகண்ட் வேலையை நாலு திரெட் பகிர்ந்துகொண்டால் 75. எலிட்ராவின் அரை நொடி தாராளம்.

மெஷ் போடுவது இதற்கு ஏற்ற வேலையும்கூட. ஒரு பகுதிக்கு மெஷ் போடுகிறவர் இன்னொரு பகுதிக்குப் போடுகிறவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும்.

முதலாவது, வேலை செய்யும் திரெட் பிளாக்குகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆடுகிறவர் ஒன்றை உடைத்துவிடலாம். பாதி பழைய உலகம், பாதி புதிய உலகம் என்று மெஷ் கோணலாக வரும், மோசமானால் நிரலே விழுந்துவிடும். பூட்டுப் போடலாம், ஆனால் அப்போது உடைக்க வந்த முதன்மை திரெட் பூட்டுக்கு வெளியே காத்திருக்கும், விரட்டிய ஜெர்க் வேறு வாசலில் உள்ளே வரும். பாதுகாப்பான வழி, வேலையைக் கொடுக்கும்போதே அந்தப் பகுதியை நகல் எடுத்துக் கொடுத்துவிடுவது. பகுதியை மட்டும் கொடுத்தால் போதாது. விளிம்பு முகங்களைத் தீர்மானிக்கச் சுற்றிலும் ஒரு பிளாக் அகலத்துக்கு அண்டை வீட்டாரும் வேண்டும். 18×18×18, அதாவது 5832 பிளாக்குகள். நகல் எடுப்பது மெஷ் போடுவதைவிடப் பல மடங்கு மலிவு.

இரண்டாவது, முடிவு வருவதற்குள் அது பழையதாகிவிடலாம். நகல் எடுத்த பிறகு அதே பகுதியில் இன்னொரு பிளாக் உடைந்தது, இரண்டாவது வேலையும் கொடுக்கப்பட்டது. இரண்டாவது திரெட் முந்திக்கொண்டு முடித்துவிட்டது, முதல் திரெட் பின்னால் வந்து தன் பழைய மெஷ்ஷை அதன்மேல் வைத்துவிட்டது. உடைத்த பிளாக் திரையில் திரும்ப முளைக்கிறது! அதன்மேல் நடந்தால் கால் உள்ளே போகும், ஏனென்றால் உண்மையான உலகத்தில் அது இல்லை. இதற்கு மருந்து எளிது. பகுதி மாறும்போதெல்லாம் ஒரு பதிப்பு எண்ணைக் கூட்டிக்கொண்டே போவது, திரும்பி வரும் மெஷ்ஷின் எண் ஏற்கெனவே வைத்திருப்பதைவிடப் பழையது என்றால் குப்பையில் போடுவது.

மூன்றாவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. தயாரான மெஷ்ஷைக் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்கு ஏற்ற வேண்டும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு நெடுங்காலம் நம்பியிருந்த ஓபன்ஜி.எல். முறையில், ஒரு கான்டெக்ஸ்ட் ஒரு நேரத்தில் ஒரே திரெட்டுக்குத்தான் சொந்தம். சாதாரண அமைப்பில் அந்தத் திரெட் நம் முதன்மை திரெட்தான். ஆகவே பின்கட்டில் 150 மெஷ் ஒரே சமயத்தில் தயாராகி வந்து நின்றால், அனைத்தையும் ஏற்றும் பொறுப்பு திரும்ப முதன்மை திரெட்டின் தலையில் விழுகிறது. ஆயிரம் முகம் உள்ள மெஷ்ஷுக்கு நாலாயிரம் முனைகள், முனைக்கு 32 பைட் என்றால் ஏறத்தாழ 128 கிலோபைட். 150 மெஷ்ஷுக்கு 19 மெகாபைட். ஒரே ஃபிரேமில் இதைத் தள்ளினால் ஜெர்க் மறுபடி வரும். எனவே திரெட் வந்த பிறகும் பழைய வைத்தியம் ஓய்வு பெறுவதில்லை. ஏற்றுவதற்கு ஃபிரேமுக்கு இவ்வளவு நேரம் என்ற ஒதுக்கீடு தேவை. திரெட்டா, ஃபிரேம் பங்கீடா என்று கேட்பவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்பதுதான் பதில்.

ஏற்றும் சுமையைக் குறைக்க மெஷ்ஷையே சிறிதாக்கலாமே என்றும் தோன்றும். மிக்கோலா லைசென்கோ 2012-இல் எழுதிப் பரவலாக்கிய கிரீடி மெஷிங் அப்படிப்பட்டது. அருகருகே உள்ள ஒரேமாதிரி முகங்களை ஒரே பெரிய செவ்வகமாக இணைத்துவிடும். நம் சமவெளியின் 256 முகம் ஒன்றே ஒன்றாகச் சுருங்கும். ஆனால் இணைக்கத் தேடுவதற்கு சி.பி.யூ. கூடுதலாக உழைக்க வேண்டும். மூலை நிழலும் வெளிச்சமும் முகத்துக்கு முகம் மாறினால் இணைக்கவும் முடியாது. சராசரி ஃபிரேம் எண் ஏறும், ஆனால் முதன்மை திரெட்டிலேயே மெஷ் போடுகிற விளையாட்டில் ஜெர்க் இன்னும் மோசமாகும். நல்ல மருந்துதான், ஆனால் வேறு நோய்க்கு.

திரெட்களின் எண்ணிக்கையிலும் பேராசை கூடாது. தனியாக ஆடும்போதும் மைன்கிராஃப்ட் உள்ளுக்குள் ஒரு சர்வரை ஓட்டுகிறது, 2012-இன் 1.3 பதிப்பிலிருந்து இப்படித்தான். புதிய நிலத்தை உருவாக்குவதற்கும் கோர்கள் வேண்டும். நாலு கோர் உள்ள கணினியில் நாலையும் மெஷ்ஷுக்கே கொடுத்தால் முதன்மை திரெட்டுக்கே முறை கிடைக்காமல் போகும்.

ஓட்டை வழியே தெரியும் வானம்

அந்த விளிம்புச் சுவருக்கு இப்போது வருவோம். பகுதியின் விளிம்பில் இருக்கும் பிளாக்கை உடைக்கிறீர்கள். குழியின் ஐந்து முகங்களில் நான்கு நம் பகுதிக்கு, ஒன்று பக்கத்துப் பகுதிக்கு. இரண்டு வேலைகளும் இரண்டு திரெட்களுக்குப் போகின்றன. நம்முடையது அடுத்த ஃபிரேமிலேயே வந்துவிட்டது. பக்கத்துப் பகுதி குகைகள் நிறைந்த கனமான ஒன்று, அது மூன்று ஃபிரேம் தாமதம். அந்த மூன்று ஃபிரேமும் குழியின் ஒரு பக்கத்தில் சுவரே இல்லை. அதன் வழியே நிலத்துக்கு அடியில் இருக்கும் குகைகளும், அவற்றுக்கு அப்பால் வானத்தின் நிறமும் பளிச்சென்று தெரிந்து மறையும். இருபதில் ஒரு நொடிதான், ஆனால் சுரங்கம் வெட்டிக்கொண்டே போகிறவருக்கு 16 பிளாக்குக்கு ஒருமுறை இந்த மின்னல்.

மைன்கிராஃப்ட் இதை மறைக்கவில்லை, ஆடுகிறவரிடமே விட்டுவிட்டது. 1.18-இல் வீடியோ அமைப்புகளில் சேர்ந்த “Chunk Builder” என்ற தேர்வில் மூன்று நிலைகள் உண்டு. “Threaded” என்றால் எல்லாம் பின்கட்டில்தான், பிளாக்கை உடைக்கும்போது சிறிது நேரம் ஓட்டை தெரியக்கூடும் என்று விளையாட்டே எச்சரிக்கிறது. “Semi Blocking” என்றால் பிளாக் வைப்பது, உடைப்பது போன்ற சில செயல்களுக்கு மட்டும் உடனே மெஷ் போடும், மற்றவை பின்கட்டுக்குப் போகும். “Fully Blocking” அருகில் உள்ள எல்லாவற்றையும் உடனுக்குடன் போட்டுவிடும். ஓட்டை தெரியாது, வேகம் அடிபடும்.

என் விருப்பம் நடுவில் உள்ளது. கையால் உடைத்த பிளாக் உடனே மறைய வேண்டும் என்று கண் எதிர்பார்க்கிறது. ஒன்றிரண்டு பகுதிக்காக ஃபிரேம் சில மில்லிசெகண்ட் நீண்டால் பரவாயில்லை. இருநூறு பிளாக் தொலைவில் ஒரு மலை அரை நொடி தாமதமாக முளைத்தால் கவனிப்பவர் குறைவு. ஆனால் சங்கிலியாக டி.என்.டி. வைத்து வெடிக்கிறவரும், பலவீனமான சி.பி.யூ. வைத்திருப்பவரும் முதல் நிலையிலேயே இருப்பது நல்லது. சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு நான்காவது வழியும் இருக்கிறது. ஒரே உடைப்பால் பாதிக்கப்பட்ட பகுதிகளை ஒரு குழுவாகக் கட்டி, அனைத்தின் மெஷ்ஷும் வந்து சேரும்வரை பழையவற்றையே காட்டிவிட்டு, ஒரே ஃபிரேமில் எல்லாவற்றையும் மாற்றுவது. பிளாக் மறைய இரண்டு மூன்று ஃபிரேம் தாமதமாகும். அந்த நேரத்தில் உடைந்த துகள்கள் தெறிப்பதைக் காட்டினால் கண் அதை உணராது.

ஜெர்க் அடிக்கும்போது குற்றம் மெஷ்ஷுடையதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மைன்கிராஃப்டில் F3 அழுத்தினால் வரும் எழுத்துக் கூட்டத்தில் pC, pU என்று இரண்டு எண்கள் இருக்கும். pC மெஷ் போடக் காத்திருக்கும் பகுதிகள், pU மெஷ் தயாராகிக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏறக் காத்திருப்பவை. பறக்கும்போது pC ஏறிக்கொண்டே போனால் மெஷ் போடும் திரெட்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. pU தேங்கினால் அடைப்பு ஏற்றும் இடத்தில். 1.20.2 பதிப்பிலிருந்து F3-ஐயும் 2-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் கோடுகளாக வரும், சராசரி ஒளித்து வைத்த நெட்டைக் கோடு அங்கே தலை நீட்டும்.

பிறகு ஒரே பாதையில் இரண்டு முறை பறந்து பாருங்கள். முதல் முறை நிலமே புதிதாக உருவாக வேண்டும், இரண்டாம் முறை அது வட்டில் தயாராக இருக்கும், மெஷ் மட்டும் போட வேண்டும். இரண்டாம் முறை ஜெர்க் காணாமல் போனால் குற்றம் நிலம் உருவாக்குவதில், மெஷ்ஷில் அல்ல. எங்கும் நகராமல் எதையும் உடைக்காமல் சும்மா நிற்கும்போதும் ஒழுங்கான இடைவெளியில் இடித்தால் ஜாவா பழைய நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குகிறது என்று சந்தேகப்படலாம்.

சோதனைகள் மெஷ்ஷையே காட்டினால், அமைப்புகளை எல்லாம் துழாவுவதற்கு முன் பார்வைத் தொலைவை 12-இலிருந்து 8 ஆக்கிப் பாருங்கள். 15,000 பகுதிகள் 6,936 ஆகும். ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் வந்து சேர்கிற புதிய தூண்கள் 25-க்குப் பதில் 17.